ஜாமீன் கையெழுத்தும் இறந்தவரின் கடனும்

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், அவருக்கு ஜாமீன் போட்ட உறவினரின் கதி என்ன? நம் ஊர்களில் இதற்கு இரண்டு பதில்கள் உலவுகின்றன. ‘ஆளே போன பிறகு கடனாவது, ஜாமீனாவது’ என்பது ஒன்று. ‘இறந்தவரின் சொத்தை முதலில் ஏலம் விட்டு, அதிலும் பணம் தேறாவிட்டால்தான் ஜாமீன்தாரரிடம் வருவார்கள்’ என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. இவற்றை நம்பிச் சும்மா இருந்துவிடுகிறவர்கள்தான், பிறகு வட்டியோடு சேர்த்து முழுப் பணத்தையும் கட்டுகிறார்கள்.

சட்டம் ஜாமீன்தாரரை ஒரு பக்கம் இறுக்கிப் பிடிக்கிறது. மறுபக்கம் அவருக்குச் சில வலுவான உரிமைகளையும் கொடுக்கிறது. இறுக்கிப் பிடிப்பதைக் கடன் கொடுத்தவர் நினைவூட்டிவிடுவார். உரிமைகளை நினைவூட்ட யாரும் வருவதில்லை.

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் பக்கம் செல்வம் என்றொருவர், சிறிய சரக்கு வண்டி வாங்க ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் 6 லட்சம் ரூபாய் கடன் எடுக்கிறார். ஐந்து வருடத் தவணை, 12 சதவீத வட்டி, மாதம் 13,350 ரூபாய். ஜாமீனுக்கு இரண்டு பேர்: மனைவியின் அண்ணன் ரவி, கூடவே வண்டி ஓட்டும் நண்பர் குமார். ரவி ஒரு தனியார் பள்ளியில் அலுவலகப் பணியாளர். சம்பளம் 40,000 ரூபாய். 24 தவணைகளைச் செல்வம் ஒழுங்காகக் கட்டிவிட்டார். உடம்பு முடியாமல் அடுத்த இரண்டு தவணைகள் நின்றன. அதற்கடுத்த மாதம் மாரடைப்பில் இறந்துபோனார்.

அன்றைய தேதியில் பாக்கி, நின்றுபோன தவணைகளையும் தாமதக் கட்டணத்தையும் சேர்த்து, 4,10,000 ரூபாய்.

காரியமெல்லாம் முடிந்து சில நாட்களில் ரவிக்கு போன் வருகிறது. “சார், ஷ்யூரிட்டி போட்டது நீங்கதானே, எப்ப கட்டுறீங்க?” ரவி பதறிப்போய், “என் தங்கச்சிகிட்ட இன்னும் பேசவே இல்லைங்க. முதல்ல வண்டியை எடுத்துக்குங்க, அவங்க சொத்தைப் பாருங்க” என்கிறார். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல்.

ஜாமீன் பற்றிய சட்டம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. இதை நடைமுறையில் எப்படிப் புரிந்துகொள்வது என்பதை உச்ச நீதிமன்றம் 1969-இல் பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் தெளிவாக்கியது. அந்த வழக்கில் கடனாளி இறந்துவிடவில்லை. ஆனால் கேள்வி ரவியின் கேள்விதான். கடன்காரரிடம் வசூலிக்கும் வழிகளையெல்லாம் பார்த்து முடித்த பிறகே ஜாமீன்தாரரிடம் போக வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் நிபந்தனை போட்டிருந்தது. பாட்னா உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. முதல் ஆள் கட்டாதபோது உடனே கைகொடுக்கத்தான் ஜாமீன் வாங்குகிறார்கள். கடன் கொடுத்தவரை வரிசையில் காத்திருக்கச் சொன்னால் ஜாமீனுக்கே பொருள் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

ஆகவே ஃபைனான்ஸ் கம்பெனி முதலில் ரவியிடம் வரலாம், குமாரிடம் போகலாம், வாரிசுகளையும் சேர்த்து மூன்று தரப்பின் மீதும் வழக்குப் போடலாம். செல்வத்தின் மரணம் ரவியின் கையெழுத்தை ரத்து செய்யாது. இரண்டு ஜாமீன்தாரர்கள் இருப்பதால் பாதிப் பாதிதான் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம்.

மாறாக, செல்வத்தின் மனைவி, பிள்ளைகள், தாயார் ஆகியோரின் நிலைமை வேறு. அவர்கள் இந்தக் கடனில் கையெழுத்துப் போடவில்லை. செல்வம் விட்டுச்சென்ற சொத்து எவ்வளவு கைக்கு வந்ததோ அந்த அளவுக்குத்தான் அவர்கள் பொறுப்பு. சொந்தச் சம்பாத்தியத்தில் தொடமுடியாது. தந்தை பட்ட கடனை அடைப்பது மகனின் தர்மம் என்ற பழைய இந்துச் சட்ட விதியும் 2005-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு ஏற்பட்ட கடன்களுக்குச் செல்லாது. இறந்தவர் கம்பெனி ஊழியராக இருந்து பி.எஃப். பணம் வாரிசுதாரர் கைக்கு வந்தால், அது இறந்தவரின் கடன்களிலிருந்து விலக்குப் பெற்றது என்று வருங்கால வைப்பு நிதிச் சட்டமே சொல்கிறது. இப்படியாக, பெற்ற மகனைவிடவும் மச்சான் அதிகம் மாட்டிக்கொள்ளும் விசித்திரம் இதில் உண்டு. இது நியாயமா என்று கேட்டால், குடும்பத்தில் யாருக்கும் நியாயமாகத் தோன்றாது. ஆனால் கையெழுத்து ரவியுடையது.

இதனால்தான் அந்த முதல் போனுக்குப் பிறகு வரும் சில வாரங்கள் முக்கியமானவை.

ரவி முதலில் தேட வேண்டியது கடன் ஒப்பந்தத்தையும், கடன் தொகை கொடுத்தபோது தந்த கணக்குத் தாளையும். வண்டிக் கடன், வீட்டுக் கடன், தனிநபர் கடன் எல்லாவற்றிலும் கடன் தொகையிலிருந்தே காப்பீட்டு பிரீமியத்தைப் பிடித்துக்கொள்வது பரவலான வழக்கம். கடன்காரர் இறந்தால் பாக்கியைக் கட்டுவதற்கான ஆயுள் காப்பீடு அது. கையெழுத்துப் போடும் அவசரத்தில் செல்வமே அதைக் கவனித்திருக்க மாட்டார்; மனைவிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. கணக்குத் தாளில் ‘இன்ஷூரன்ஸ்’ என்ற பெயரில் ஒரு பிடித்தம் இருந்தால், அது வண்டிக்கான காப்பீடா, ஆளுக்கான காப்பீடா என்று எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். இரண்டும் தனித்தனி. போனில் கேட்டால் “அப்படி ஒண்ணும் இல்ல சார்” என்று முடிந்துவிடும். கடிதமோ மின்னஞ்சலோ போனால் பாலிசி எண்ணோடு பதில் வர வேண்டும்.

செல்வத்துக்கு அப்படி ஒரு பாலிசி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இறப்புச் சான்றிதழ், மருத்துவ ஆவணங்களோடு விண்ணப்பித்தால், காப்பீட்டு நிறுவனம் பணத்தை நேராக ஃபைனான்ஸுக்கு அனுப்பும். ஆனால் முழு 4,10,000 ரூபாய் வராது. இவ்வகைப் பாலிசிகள் பெரும்பாலும் ஒரு அட்டவணைப்படி மாதாமாதம் குறைந்துகொண்டே போகும். எல்லாத் தவணைகளும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் 26-ஆம் தவணைக்குப் பிறகு எவ்வளவு பாக்கி இருந்திருக்குமோ அதுதான் கிடைக்கும். செல்வத்தின் கணக்கில் அது 3,83,000 ரூபாய். நின்றுபோன இரண்டு தவணைகளும் 300 ரூபாய் தாமதக் கட்டணமும் சேர்ந்து 27,000 ரூபாய் மிச்சம் நிற்கும். ரவியின் தலையில் விழவிருந்த 4 லட்சம் 27,000 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஒரு தாளைத் தேடி எடுத்ததில் வந்த வித்தியாசம் இது.

உடல்நிலையை மறைத்துவிட்டார் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கவும் செய்யும். பாலிசி தொடங்கி மூன்று வருடங்கள் முடிந்துவிட்டால், எந்தக் காரணத்தைக் காட்டியும் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. செல்வம் இறந்தது அதற்கு முன்பே என்பதால், மருத்துவக் குறிப்புகளைக் குடும்பம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இனி, காப்பீடே இல்லாத நிலைமை. பெரும்பாலும் சண்டை நடப்பது இங்கேதான்.

கடனுக்கு ஈடாக இருப்பது வண்டி. செல்வம் போன பிறகு அதை யார் ஓட்டுகிறார்கள், எங்கே நிற்கிறது என்பது ரவியின் பாக்கெட்டைத் தொடும் விஷயம். கொழுந்தன் ஒருவர் எடுத்துக்கொண்டு போய் வாடகைக்கு ஓட்டிக்கொண்டே தவணை கட்டாமல் விட்டால், வண்டி தேய்கிறது, கடன் வளர்கிறது, இரண்டின் வித்தியாசமும் ரவியுடையது. மரியாதைக்காக யாரும் இதைப் பேசுவதில்லை. பேச வேண்டும். வண்டியை ஓட்டித் தவணை கட்டப் போகிறார்களா, விற்கப் போகிறார்களா என்று முதல் மாதத்திலேயே குடும்பத்தில் முடிவாகிவிட்டால் நல்லது.

விற்பது என்று முடிவானால், ஃபைனான்ஸின் சம்மதத்தோடு குடும்பமே ஆள் பார்த்து விற்பது, சீஸ் பண்ணி ஏலம் விடுவதைவிடப் பெரும்பாலும் நல்ல விலை தரும். ஃபைனான்ஸ் வண்டியை எடுத்தேவிட்டால், விற்பதற்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு, விற்பனை நடைமுறை ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வண்டிக் கடன் நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் விதி. மதிப்பீடு எவ்வளவு, ஏலம் என்று, என்ன விலைக்குப் போனது என்று ரவி எழுதிக் கேட்டு வைக்க வேண்டும்.

ஒப்பந்தச் சட்டத்தின் 141-ஆம் பிரிவு ரவிக்குப் பக்கபலம். கடன் கொடுத்தவர் தன் கையிலிருந்த ஈட்டை ஜாமீன்தாரரின் சம்மதமில்லாமல் கைவிட்டாலோ இழந்தாலோ, அந்த ஈட்டின் மதிப்பளவுக்கு ஜாமீன்தாரர் விடுபடுவார். மத்தியப் பிரதேச அரசு தொடர்ந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-இல் இதை உறுதி செய்தது. காட்டு மரங்களை விலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரர் தவணை கட்டவில்லை. பணம் வராமல் மரத்தை வெளியே விடக்கூடாது என்ற அதிகாரம் இருந்தும், அதிகாரிகள் மரங்களைக் கொண்டுபோக விட்டுவிட்டார்கள். பிறகு ஜாமீன்தாரரிடம் வந்தபோது, ஈட்டை நீங்களே கைநழுவ விட்டீர்கள் என்று சொல்லி நீதிமன்றம் ஜாமீன்தாரரை விடுவித்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இப்போது அச்சடித்து வரும் ஜாமீன் பத்திரங்களில், 133, 135, 139, 141 ஆகிய பிரிவுகளின் உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன் என்ற வாசகம் பெரும்பாலும் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு பெரிதும் தளர்ந்துவிடும். பத்திரத்தின் நகலை வாங்கி அந்த இடத்தைப் படித்த பிறகே வக்கீலிடம் போவது நல்லது.

வண்டி 2,70,000 ரூபாய்க்குப் போனது என்று கொள்வோம். மீதி 1,40,000. இந்தக் கட்டத்தில் ஃபைனான்ஸிலிருந்து வரும் யோசனை ஒன்று உண்டு: “அம்மா ஒரு கையெழுத்துப் போட்டா போதும், மீதியைச் சின்னச் சின்னத் தவணையா மாத்திடலாம்.” தவணை குறைவதால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் புதிய கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நொடியில், அதுவரை கணவர் விட்டுச்சென்ற சொத்தளவுக்கே பொறுப்பாக இருந்த ரவியின் தங்கை, தன் சொந்தப் பெயரில் கடன்காரியாகிவிடுகிறார். தையல் வேலையில் அவர் சம்பாதிப்பதும் இனி அதற்குள் வரும்.

ரவியிடமும் ஒரு தாள் நீட்டப்படும்: ‘பாக்கியை ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கடிதம். கடனை வசூலிக்க வழக்குப் போடும் காலக்கெடு மூன்று வருடங்கள். கெடு முடிவதற்குள் எழுதிக்கொடுக்கும் ஒப்புதல், எழுதிக்கொடுப்பவர் மீது கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கிறது. பேசி முடித்துக் கட்டப் போகிறவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய ஜாமீன் ஒன்றுக்காகத் திடீரென்று ஒரு நாள் ஆள் வந்து கையெழுத்துக் கேட்டால், தேதிகளைப் பார்க்காமல் போட்டுவிடக்கூடாது. அதே சமயம், ‘மூன்று வருடம் ஆச்சு, தப்பித்தோம்’ என்றும் நினைத்துவிடக்கூடாது. கேட்கும்போது கட்டுவேன் என்று எழுதப்பட்ட ஜாமீன்களில் கெடு எப்போது தொடங்குகிறது என்பதைப் பத்திரத்தின் வாசகத்தை வைத்தே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லியிருக்கிறது. கடன் கொடுத்தவர் சும்மா தாமதித்தார் என்பதாலும் ஜாமீன் போய்விடாது.

கட்டாவிட்டால் என்ன செய்வார்கள்? தீர்ப்பு வாங்கிய பிறகு சம்பளத்தில் கைவைக்கலாம். ஆனால் முழுவதிலும் அல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடமுடியாதவை. 40,000 சம்பளத்தில் மாதம் 13,000 வரைதான் பிடிக்க முடியும், அதுவும் ஒரே தீர்ப்புக்காக 24 மாதங்கள் வரை. பி.எஃப். பணத்தை ஜப்தி செய்ய முடியாது. இதையெல்லாம் மீறி நடு இரவில் போன் அடித்தாலோ, பள்ளிக்கு வந்து தலைமையாசிரியர் முன் கத்தினாலோ அது விதிமீறல். வசூலுக்காக காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் தீராவிட்டால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

கூட்டுறவுச் சிக்கனக் கடன் சங்கங்களில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே சக ஊழியர்தான் ஜாமீன். சம்பளப் பட்டியலிலேயே பிடித்துவிடுவார்கள். பிடித்தம் தொடங்குவதற்கு முன், இறந்தவரின் பங்குத் தொகையையும் சிக்கன வைப்பையும் கடனில் கழித்தார்களா, குடும்பநலத் திட்டம் ஏதும் உண்டா என்று கணக்குக் கேட்க வேண்டும்.

சரி, ரவி 1,40,000 ரூபாயையும் கட்டிவிட முடிவு செய்கிறார். நம் வீடுகளில் இது நடக்கும் விதம்: தங்கை கையில் பணத்தைக் கொடுத்து, “போய்க் கட்டிட்டு வாம்மா” என்று அனுப்புவது. ரசீது செல்வத்தின் பெயரில் வரும். கதை முடிந்தது. உண்மையில் ரவியின் உரிமையும் அதோடு முடிந்துபோகும், ஏனென்றால் அவர் கட்டினார் என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

தன் வங்கிக் கணக்கிலிருந்து, ‘ஜாமீன்தாரர் என்ற முறையில் செலுத்துகிறேன்’ என்று குறிப்பிட்டுக் கட்டி, தன் பெயரில் ரசீது வாங்கினால் மூன்று கதவுகள் திறக்கின்றன. ஒன்று, 140-ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவருக்கு இருந்த உரிமைகள் எல்லாம் ரவிக்கு வந்துவிடும். ஈடு ஏதும் மிச்சம் இருந்தால், உதாரணமாக அடமான வீட்டுப் பத்திரம், அதன் மீதும் அவருக்கு உரிமை உண்டு. வங்கி அந்தப் பத்திரத்தை வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதற்கு முன்பே அவர் எழுதிக் கேட்டுவிட வேண்டும். இரண்டு, 145-ஆம் பிரிவின்படி கட்டிய தொகையைக் கடன்காரரிடம், அவர் இல்லாதபோது அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து, திரும்பப் பெறலாம். மூன்று, 146-ஆம் பிரிவின்படி இன்னொரு ஜாமீன்தாரரான குமார் பாதியை ஏற்க வேண்டும். அதாவது 70,000 ரூபாய்.

தங்கையிடம் போய்ப் பணம் கேட்பதா என்று ரவிக்குக் கூசும். அந்தக் கூச்சம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் செல்வத்தின் பெயரில் ஐந்து லட்சம் பெறுமான வீட்டுமனை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அதில் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மட்டுமல்ல, செல்வத்தின் தாயாருக்கும் சமபங்கு உண்டு. ரவியின் கோரிக்கை எழுத்தில் இல்லாவிட்டால் மனை கடனில்லாத சொத்தாகப் பங்கு பிரியும். 1,40,000 ரூபாய் முழுவதும் பெண் வீட்டாரின் நஷ்டமாக நிற்கும். எழுத்தில் இருந்தால், முதலில் கடன் கழிந்து, மீதிதான் நான்கு பங்காகும். கேட்பது தங்கையை அல்ல, செல்வத்தின் சொத்தை. வழக்குப் போகத் தேவையே இல்லை. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டு, மனை விற்கும்போது ரவிக்கு இத்தனை ரூபாய் தருகிறோம் என்று ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் போதும். பிள்ளைகள் மைனர் என்றால் அவர்கள் பங்கைப் பொறுத்து நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். அதற்கு வக்கீல் யோசனை வேண்டும். வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் உதவி கிடைக்கும்.

இதற்கும் ஒரு கெடு இருக்கிறது. வாரிசுகளிடமிருந்தோ குமாரிடமிருந்தோ பணத்தைத் திரும்பப் பெற ரவி வழக்குப் போட வேண்டுமானால், அவர் பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று வருடங்களுக்குள் போட வேண்டும்.